அட்டை புகாத காலுறை

அட்டைக்கு உப்பு என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மழைக்காலத்தில் மலைக்காட்டுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னால், பாட்டி முதலில் எடுத்து வைப்பது ஒரு பொட்டலம் உப்பாகத்தான் இருக்கும். புகையிலைத் தூள், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய், எலுமிச்சம்பழம், சலவைச் சோப்பு என்று ஊருக்கு ஒரு வைத்தியம் உண்டு. இவை அட்டையைத் துரத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும் சோலைக்குள் ஈரச் சருகின் மீது 2 மணி நேரம் நடந்து பார்த்தவர்கள், காலில் பூசிய எதுவும் முதல் ஓடையைத் தாண்டும் வரையில்தான் நிற்கும் என்பதை அறிவார்கள். பூச்சு கரைந்து விடும், துணி கரையாது. ஆகவே காலில் என்ன பூசலாம் என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, காலில் எதை, எந்த வரிசையில் அணிவது என்பதைப் பற்றி இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

எங்கள் விலங்கியல் துறை மாணவ மாணவியர் மழைக்காலத்தில் ஆனைமலைக் காடுகளுக்குக் கள ஆய்வுக்குச் செல்வதுண்டு. வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு நடப்போம். தவளைகளையும் நத்தைகளையும் பார்க்க மழைக்காலமே ஏற்றது. அட்டைகளுக்கும் அதுவே ஏற்றது. பத்தடிக்கு ஒரு முறை நின்று குனிந்து காலைத் தட்டிக்கொண்டிருப்பவர் தவளையைப் பார்ப்பது எப்படி? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. அது யானைகள் நடமாடும் காடு. வழிகாட்டி "நட" என்று சொல்லும்போது நடக்க வேண்டும். ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற மாணவனால் அது முடியாது. கால் பாதுகாப்பாக இருந்தால்தான் கண் காட்டின் மீது இருக்கும்.

அட்டை புகும் வழி

நம் மலைக்காடுகளில் காலைப் பற்றும் நிலத்து அட்டை, 'ஹீமாடிப்சா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. மண்புழு இருக்கும் வளைதசைப் புழுத் தொகுதியே இதற்கும் உரியது. உடலின் முன்னே ஓர் ஒட்டுறுப்பும் பின்னே ஓர் ஒட்டுறுப்பும் உண்டு. பின்னதை ஊன்றிக்கொண்டு முன்னதை நீட்டி வைத்து, பிறகு பின்னதை இழுத்துக்கொள்ளும். சாண் போட்டு அளப்பது போன்ற நடை அது. முன் ஒட்டுறுப்புக்குள் வாயும், வாய்க்குள் 3 தாடைகளும் இருக்கின்றன. தலையின் மேற்புறத்தில் 5 இணைக் கண்கள் உண்டு. தரையின் அதிர்வு, நாம் விடும் மூச்சு, உடலின் வெப்பம் ஆகியவற்றால் ஆள் வருவதை அறிந்து, சருகின் மேல் நிமிர்ந்து நின்று தலையைச் சுழற்றித் தேடும்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு செய்திகள். முதலாவது, பசித்த அட்டையின் பருமன். இரத்தம் குடித்த அட்டை சுண்டுவிரல் நுனியைப் போல உருண்டிருக்கும். அதைப் பார்த்தவர்கள் "இவ்வளவு பெரியது எப்படி உள்ளே நுழைந்தது?" என்று வியப்பார்கள். நுழைந்தபோது அது அவ்வளவு பெரியதாக இல்லை. பசித்த அட்டை தன்னை நீட்டிக்கொண்டால் தடித்த நூலின் அளவுதான் இருக்கும். எலும்பற்ற உடல் ஆகையால், தலை நுழைந்த இடத்தில் உடல் முழுவதும் நுழைந்துவிடும்.

இரண்டாவது, அதன் போக்கு. அட்டைகள் மரத்திலிருந்து குதிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். கழுத்தில் காணப்படும் அட்டை பெரும்பாலும் காலில் ஏறி, உடையின் மீது ஊர்ந்து மேலே சென்றதாகவோ, நாம் உரசிச் சென்ற செடியிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவோ இருக்கும். ஷூவில் ஏறிய அட்டை தோலைத் தேடி மேல் நோக்கியே செல்லும். வழியில் ஓர் இடுக்கு கிடைத்தால் அதற்குள் திரும்பும்.

நாம் அணியும் சாதாரண ஷூவில் அத்தகைய இடுக்குகள் மூன்று. கணுக்காலைச் சுற்றியுள்ள வாய் ஒன்று. நாக்கின் இரு பக்கங்களிலும் உள்ள பிளவு மற்றொன்று. கயிறு கோக்கும் துளைகள் மூன்றாவது. கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இம்மூன்றும் அடைபடுவதில்லை. ஆகவே ஷூவால் அட்டையைத் தடுக்க முடியும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஷூவின் வேலை வழுக்காமல் நடக்க வைப்பது. தடுக்கும் வேலையை அதன் உள்ளே இருக்கும் துணிதான் செய்ய வேண்டும்.

அந்தத் துணி நாம் அன்றாடம் அணியும் சாக்ஸாக இருக்க முடியாது. அது பின்னல் துணி. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டது. வளையங்கள் விரிவதால்தான் சாக்ஸ் காலின் வடிவத்துக்கு இழுபட்டுப் பொருந்துகிறது. குதிகாலிலும் கணுக்காலிலும் அது நன்றாக இழுபடும்போது ஒவ்வொரு வளையமும் ஒரு சிறு சன்னலாகத் திறந்துகொள்கிறது. பசித்த அட்டைக்கு அந்தச் சன்னல் போதும். மெல்லிய சாக்ஸ் என்றால் உள்ளே நுழையக்கூடத் தேவையில்லை. வெளியில் இருந்தபடியே வாயை வைத்துக் கடித்துவிடும். தறியில் நெய்த துணி வேறு வகை. பாவும் ஊடும் நெருக்கமாகக் குறுக்கிட்டு நிற்பதால் அது நீளாது, துளையும் விரியாது.

இந்த அறிவு புதியதன்று. 1344-இல் இலங்கைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியில் அட்டைகளைக் கண்டதையும், அங்குள்ளவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்ததையும் எழுதியிருக்கிறார். 1859-இல் வெளிவந்த எமர்சன் டென்னன்டின் இலங்கை நூலில், காப்பித் தோட்டக்காரர்கள் நெருக்கமாக நெய்த துணியால் கால்களை மூடிக்கொண்டு தோட்டங்களில் நடமாடிய செய்தி இருக்கிறது. பழச்சாற்றிலிருந்து துணிக்கு வந்த அந்த மாற்றத்தையே நாமும் பின்பற்ற வேண்டும்.

ஒரே வாய் உள்ள பை

மலையேறுவோர் 'லீச் சாக்ஸ்' என்று சொல்வது, நெய்த துணியால் தைத்த, முழங்காலுக்குக் கீழ் வரை வரும் ஒரு பை. இக்கட்டுரையில் அதை அட்டை உறை என்று அழைக்கிறேன். அதற்கு ஒரே ஒரு வாய்தான் உண்டு. அந்த வாய் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. விரல் நுனி முதல் அந்த வாய் வரையில் வேறு திறப்பே இல்லை. அட்டை ஷூவின் மூன்று இடுக்குகளில் எதன் வழியாக நுழைந்தாலும் உள்ளே அதற்குக் கிடைப்பது துணிச் சுவர்தான்.

அணியும் வரிசை இது. முதலில் வழக்கமான சாக்ஸ். இது அட்டைக்காக அன்று. பாதம் உராய்ந்து கொப்புளம் வராமல் இருப்பதற்காக. பருத்திச் சாக்ஸ் நனைந்தால் சுருங்கி மடிப்பு விழுந்து தோலை உரிக்கும். ஆகையால் கம்பளி கலந்ததோ நைலான் கலந்ததோ நல்லது. அடுத்து, பேண்ட்டின் கீழ்ப்பகுதியைக் காலோடு ஒட்டி மடித்துப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் அட்டை உறையை இழுத்துப் போட வேண்டும். பிறகு உறையின் மேல் ஷூ. கடைசியாக, கெண்டைக்காலின் புடைப்புக்கு மேலே உறையின் கயிற்றைக் கட்ட வேண்டும். புடைப்புக்குக் கீழே கட்டினால் நடக்க நடக்க உறை இறங்கிவிடும். கயிற்றுக்கும் காலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். அதைவிட இறுகினால் கால் மரத்துப்போகும்.

பேண்ட் உறைக்குள் இருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. சென்ற ஆண்டு என் தோழி ஒருத்தி நல்ல உறையை வாங்கி அணிந்திருந்தாள். பூப்போட்ட பை போல இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, அதை மறைக்கப் பேண்ட்டை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஷூவில் ஏறிய அட்டைகள் உறைக்குள் போக முடியாமல் உறையின் மீது மேலே ஏறின. பேண்ட் அவற்றை மறைத்துக்கொண்டது. முழங்காலில் உறை முடிந்த இடத்தில் வெறுந்தோல் தொடங்கியது. மாலையில் பார்த்தபோது அவள் பாதத்தில் ஒரு கடியும் இல்லை. முழங்காலுக்கு மேல் 4 இருந்தன. பேண்ட் உள்ளே இருந்திருந்தால், அந்த அட்டைகள் வெளிறிய துணியின் மீது கரும்புள்ளிகளாகத் தெரிந்திருக்கும். விரலால் சுண்டி எறிந்திருக்கலாம். உறைக்கு வெள்ளை, சந்தனம், வெளிர்காக்கி போன்ற நிறங்களைத் தேர்வதும் இதற்காகவே.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. பேண்ட்டில் வழியும் மழைநீர் நேரே உறைக்குள் இறங்கிப் பாதத்தை நனைக்கும். கனமழையில் பாதம் எப்படியும் நனையப் போகிறது. நனைந்த கால் மாலையில் உலரும். கடிபட்ட கால் ஒரு வாரம் அரிக்கும்.

அளவும் தையலும்

அட்டை உறை கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் பக்கத்துத் தையற்கடையில் தைத்துக்கொள்வது எளிது, செலவும் குறைவு. என் தாயார் தையல் தொழில் செய்பவர். எங்கள் குழுவுக்கு உறைகள் தைத்தவர் அவரே. அவரிடம் கற்றதைச் சொல்கிறேன்.

துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். பாப்ளினும் மெல்லிய ட்ரில்லும் ஏற்றவை. கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரு கைகளாலும் மூலைவாட்டமாக இழுத்துப் பாருங்கள். ஊசி முனையளவு ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் அது வேண்டாம். வாங்கிய துணியை ஓர் இரவு நீரில் ஊற வைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் உறை சுருங்கிவிடும்.

அளவெடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தையற்காரர் வழக்கம்போலக் கணுக்காலின் சுற்றளவை எடுத்து அதற்கேற்ப ஒடுக்கித் தைத்தால், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கால் உள்ளே போகாது. பின்னல் சாக்ஸ் விரிந்து கொடுக்கும். நெய்த துணி கொடுக்காது. பாதத்தை நீட்டி நுழைக்கும்போது மிக அகலமாக நிற்கும் இடம், குதிகாலின் அடிப்புறத்திலிருந்து பாதத்தின் மேல்வளைவு வரை சாய்வாகச் சுற்றிவரும் அளவு. அதை ஒரு நாடாவால் அளந்து, அந்த அளவுக்குக் கணுக்கால் பகுதியை விட வேண்டும். உறை அவ்விடத்தில் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கத்தான் செய்யும். ஷூவின் கயிறு அதை அடக்கிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பாதத்தின் நீளம் 26 செ.மீ., பாதத்தின் அகன்ற இடத்தில் சுற்றளவு 25, குதிகாலைச் சாய்வாகச் சுற்றிய அளவு 34, கெண்டைக்காலின் சுற்றளவு 36, தரையிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை உயரம் 44 என்று வைத்துக்கொள்வோம். துணியை இரண்டாக மடித்து, மடிப்பு அடிப்பக்கம் வருமாறு விரித்து, அதன் மேல் ஆங்கில 'எல்' எழுத்து போல வரைய வேண்டும். பாதத்தின் அடி, மடிப்பின் மீது அமையட்டும். இதனால் உள்ளங்காலில் தையலே வராது. தையல் விரல் நுனியிலிருந்து முன்பக்கமாக ஒன்றும், குதிகாலிலிருந்து பின்பக்கமாக ஒன்றும் மேலே செல்லும்.

அடி நீளத்துக்கு 26-உடன் தளர்வுக்கு 3, இரு பக்கத் தையலுக்கு 2 சேர்த்து 31. பாதப் பகுதியின் உயரத்துக்கு, 25-உடன் தளர்வுக்கு 3 சேர்த்து 28. அதில் பாதி 14. மேல் தையலுக்கு 1 சேர்த்து 15. கணுக்கால் பகுதிக்கு, 34-உடன் சாக்ஸுக்காகவும் மடித்த பேண்ட்டுக்காகவும் 4 சேர்த்து 38, பாதி 19, தையலுக்கு 2 சேர்த்து 21. கெண்டைக்காலில் பேண்ட் சற்றுத் தடிமனாக இருக்குமாதலால் 36-உடன் 8 சேர்த்து 44, பாதி 22, தையலுக்கு 2 சேர்த்து 24. உயரம் 44-உடன் கயிறு கோக்கும் மடிப்புக்கு 4 சேர்த்து 48. மடித்த துணியாகையால் ஓர் உறைக்கு 96 செ.மீ. நீளமும் 31 அகலமும் வேண்டும். ஒரு மீட்டர் துணியின் அகலத்திலேயே இரண்டு உறைகளும் அடங்கிவிடும்.

ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். தையலின் பிசிறு ஓரம் வெளிப்புறமாக இருக்கட்டும். உள்ளே இருந்தால் ஷூவின் அழுத்தத்தில் அதுவே விரல்களை அறுக்கும். தைத்து வந்த உறையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உள்ளே ஒரு மின்விளக்கை எரியவிட்டு, இருட்டில் தையல் நெடுகப் பாருங்கள். தையல் விட்ட இடம் ஒளிக்கோடாகத் தெரியும்.

ஷூவும் கெய்ட்டரும்

மழைக்காட்டுக்கு என் தேர்வு, கணுக்காலுக்கு மேல் வரும் கேன்வாஸ் ஷூ. அடிப்பகுதி ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பராக இருக்க வேண்டும். கேன்வாஸ் விரைவில் நனையும். ஆனால் புகுந்த நீர் வெளியேறவும் செய்யும். விலை உயர்ந்த, நீர் புகாத ஷூக்கள் இங்கே ஏமாற்றும். மழைநீர் மேலே காலின் வழியாக இறங்குகிறது. நீர் புகாத சுவர் அதை வெளியே விடுவதில்லை. நாள் முழுவதும் இரண்டு வாளிகளில் காலை வைத்துக்கொண்டு நடப்பது போலத்தான். ஷூ வாங்கப் போகும்போது சாக்ஸையும் அட்டை உறையையும் அணிந்துகொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வழக்கமான அளவைவிட ஓர் எண் கூடுதலாகத் தேவைப்படும். இறுகிய ஷூவில் இறக்கத்தில் நடந்தால் கட்டைவிரல் நகம் உறையைத் துளைத்துவிடும்.

தோட்டங்களில் பலர் கம்பூட்ஸ் அணிந்து வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சமதளத்தில் நின்று செய்யும் வேலைக்கு அது நல்லது. அட்டை வழுவழுப்பான ரப்பரிலும் ஒட்டுறுப்பால் தாராளமாக ஏறும். ஏறியதும் விரிந்த வாய் அதை வரவேற்கும். மலைச்சரிவில் குதிகால் உள்ளே நழுவி உராயும். ஓடையில் கால் ஆழ்ந்தால் பூட்ஸ் குடம் போல நிரம்பும். அணிந்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே அட்டை உறையும் வேண்டும்.

என்.சி.சி. நண்பர்கள் தங்கள் ஆங்க்லெட்டே போதாதா என்று கேட்கிறார்கள். அது ஷூவின் வாயை மூடி மிடுக்கான தோற்றம் தருவது. பக்கிள்களின் இடையே உள்ள இடைவெளியில் அட்டை நுழைந்துவிடும். அடியிலோ அது முழுவதும் திறந்தே இருக்கிறது.

மலையேற்றக்காரர்கள் அணியும் நீண்ட கெய்ட்டரின் குறையும் அதுவே. முழங்கால் வரை தடித்த நைலான் துணி. ஷூவின் மேல் ஒரு கொக்கி. பாதத்தின் அடியில் ஒரு வார். சேறு, முள், ஈரப்புல் ஆகியவற்றைத் தடுக்க அதற்கு ஈடில்லை. ஆனால் அது அடி திறந்த குழாய். கெய்ட்டரின் கீழ் விளிம்புக்கும் ஷூவுக்கும் இடையில், சிறப்பாக உள்ளங்கால் வளைவுக்கு மேலே, எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அதன் வழியே போகும் அட்டை ஷூவின் நாக்குப் பிளவை அடைந்துவிடும். கெய்ட்டர் அதை நம் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்யும். எனவே கெய்ட்டரை அட்டை உறைக்கு மாற்றாகக் கொள்ளாமல், உறைக்கு மேல் சட்டையாக மட்டும் கொள்ள வேண்டும். முட்புதர் மிகுந்த பாதையானால் உறை கிழியாமல் காக்க அதை அணியலாம். அப்போது உறையின் மேல் விளிம்பு கெய்ட்டரைத் தாண்டி நான்கு விரல் அளவாவது வெளியே தெரிய வேண்டும். உள்ளே ஏறிய அட்டை அங்கே வெளிப்பட்டு அகப்படும். திறந்த சோலைப் பாதைகளில் நான் கெய்ட்டர் அணிவதில்லை.

ஒரே பாதையில் நான்கு விதம்

டாப்சிலிப்புக்கு அருகிலுள்ள கரியன் சோலையில் ஓர் ஆகஸ்டு மாதக் காலைப் பொழுதில் எங்கள் குழுவினர் பலவிதமாக உடுத்தி நடந்தோம். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதையும் மழையும் அனைவருக்கும் ஒன்றே. சுமார் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை பாறை ஒன்றின் மீது நின்று ஒருவர் காலை மற்றவர் பார்த்தோம்.

சாதாரண சாக்ஸும் ஓட்டப் பயிற்சி ஷூவும் அணிந்த நண்பனுக்கு முதல் நிறுத்தத்திலேயே கணுக்காலின் உட்புறம் கடி. அவன் வலியை உணரவே இல்லை. சாக்ஸில் சிவப்புக் கறை படர்ந்ததைக் கண்டுதான் அறிந்தோம். கம்பூட்ஸ் அணிந்தவருக்கு ஒரு மணி நேரம் வரை ஒன்றுமில்லை. பிறகு பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீரோடு அட்டைகளும் விழுந்தன. கெய்ட்டர் மட்டும் அணிந்தவருக்கு இரு பாதங்களிலும் கடி, கெண்டைக்காலில் இல்லை. அட்டைகள் மேலே போகுமுன் ஷூவின் நாக்குப் பிளவு வழியாக உள்ளே திரும்பியிருக்கின்றன. பேண்ட்டை உள்ளே விட்டு உறை அணிந்த எங்கள் மூவரில் இருவருக்குக் காலில் கடியே இல்லை. மூன்றாமவருக்கு ஒரு கடி, சுண்டுவிரலில். அவர் முந்திய நாள் மாலை உறையோடு முகாமின் சிமெண்டுத் தரையில் நடந்திருக்கிறார். விரல் ஓரத்தில் பயறளவு தேய்ந்த துளை இருந்தது. உறை என்பது வெறும் துணி; தரையில் தேய்க்கத் தக்கதன்று.

எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணன் அனைத்தையும் பார்த்துவிட்டு, "உக்கார்ற இடத்தப் பாரு பாப்பா, காலு மட்டுமா காலு?" என்றார். அவர் சொன்னது மெய்தான். உறை முழங்கால் வரைதான் காக்கும். விழுந்த மரத்தின் மீது உட்கார்ந்தவருக்கு இடுப்பிலும், பையைச் சருகில் வைத்துத் தோளில் மாட்டியவருக்கு முதுகிலும் அட்டை ஏறியது. பாறையின் மீது நிற்பதும், பையைக் கீழே வைக்காமல் இருப்பதும், சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொள்வதும் உறைக்குத் துணையான வழக்கங்கள்.

பூச்சுக்கு உரிய இடம்

தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த உப்பையும் சோப்பையும் இப்போது எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு உரிய இடம் உறையின் வாய். கயிறு கட்டிய இடத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு உலர்ந்த சலவைச் சோப்பை அழுத்தித் தேய்த்தால், மழையில் அது மெல்லக் கரைந்து அட்டைக்கு ஒரு வேலியாக நிற்கும். ஷூவின் மீது தேய்த்த சோப்பு போல ஒவ்வோர் அடியிலும் புல்லிலும் சேற்றிலும் உரசிப் போவதில்லை. முழங்கால் அளவு ஓடையைக் கடந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். புகையிலை நீரில் நனைத்த துணியைத் தோலில் சுற்றுவது மட்டும் வேண்டாம். புகையிலையின் நிகோட்டின் ஈரத்தோலின் வழியாக உடம்பில் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாக்கும்.

கடித்துவிட்டால்

கடித்த அட்டையின் மீது உப்புப் போடுவதும் நெருப்பு வைப்பதும் தவறு. அது துடித்துத் தன் வயிற்றில் உள்ளதைக் காயத்தில் கக்கக் கூடும். விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, மெலிந்த முனையை முதலில் பக்கவாட்டில் நெம்பிவிட்டு, பிறகு மறுமுனையையும் எடுத்து எறியுங்கள். மெலிந்த முனையில்தான் வாய் இருக்கிறது. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால், சிறிய காயத்திலிருந்தும் நெடுநேரம் இரத்தம் கசியும், அஞ்ச வேண்டாம். சோப்பு நீரால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும். பின்வரும் நாட்களில் அரிக்கும். நகத்தால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். சிவந்து வீங்கினாலோ சீழ் பிடித்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணிலோ மூக்கினுள்ளோ பற்றினால் தாமே இழுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். அட்டை உறை பாம்புக் கடியைத் தடுக்காது. இதே சோலைகளில் பாறையிலும் தாழ்ந்த கிளையிலும் விரியன் பாம்புகள் அசையாமல் கிடக்கும். அட்டை ஏறாது என்ற துணிவில் காலை எங்கும் வைத்துவிடக் கூடாது.

முகாமுக்குத் திரும்பியதும் சிமெண்டுத் தரையில் நின்று, முதலில் உறையின் மேல் விளிம்பில் கயிறு கோத்த மடிப்பை விரித்துப் பாருங்கள். அட்டைகள் அதில் ஒளிந்துகொள்ளும். பிறகு ஷூவைக் கழற்றி நாக்கைத் தூக்கிப் பார்த்து, உறையை வெளிப்புறமாகப் புரட்டி உப்பு நீரில் அலசி, அடுப்பங்கரையிலோ வெயிலிலோ காயப் போடுங்கள். ஈர ஷூவுக்குள் அட்டை இரவு முழுவதும் உயிரோடு இருக்கும். மறுநாள் காலையில் அணியுமுன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். உறையின் விரல் நுனியையும் தையலையும் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். துளை தெரிந்தால் ஊசியும் நூலும் கொண்டு அப்போதே அடைத்துவிட்டுத்தான் சோலைக்குள் கால் வைக்க வேண்டும்.